அந்தக் கடிதத்தை எழுதியது யார்?

2022 ஜூன், ஜூலை மாதங்களில் புது டெல்லி ரயில் நிலையத்துப் பிளாட்பாரங்களில் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் சிலர் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ரயில் எத்தனை, போகிற ரயில் எத்தனை, ஒவ்வொன்றிலும் பெட்டிகள் எத்தனை என்று எண்ணுவதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டென்ட், கிளார்க் பணிகளுக்கு இது பயிற்சி என்று நம்பினார்கள். மொத்தம் 28 பேர். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். எல்லாம் சேர்த்து 2.67 கோடி ரூபாய். அந்த ஆண்டு டிசம்பரில் இந்த விவகாரம் செய்திகளில் வந்தபோது டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்துக்கொண்டிருந்தது.

படித்த பிள்ளைகள் இப்படியா ஏமாறுவார்கள் என்று பலரும் கேட்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் நிஜம். ரயில் நிலையம் நிஜம். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது ரயில்வேயின் மத்திய மருத்துவமனைக்கு, அதுவும் நிஜம். பயிற்சி உத்தரவு, அடையாள அட்டை, பயிற்சி முடித்த சான்றிதழ், பணி நியமனக் கடிதம் என்று கையில் கொடுத்த தாள்கள்தான் போலி. நிஜமான கட்டடங்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்ததால் தாளும் நிஜமாகத் தெரிந்தது.

தனியார் நிறுவனங்களின் பெயரில் வரும் போலி ஆஃபர் லெட்டர்களிலும் இதே வித்தைதான். வேலை தேடுகிறவர் கடிதம் கிடைத்ததும் கம்பெனியின் பெயரைத் தேடிப் பார்க்கிறார். கம்பெனி இருக்கிறது, வெப்சைட் இருக்கிறது, சென்னையில் பெரிய கண்ணாடிக் கட்டடமே இருக்கிறது. மனம் நிம்மதி அடைகிறது. அவர் சரிபார்த்தது கம்பெனி இருக்கிறதா என்பதை. சரிபார்க்காமல் விட்டது, இந்தக் கடிதத்தை அந்தக் கம்பெனிதான் எழுதியதா என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். மோசடிக்காரர் பிழைப்பதே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துப் பார்ப்போம். இப்படி வரும் கடிதங்களில் வழக்கமாகக் காணப்படுபவற்றை ஒன்றாகச் சேர்த்த கற்பனைக் கடிதம் இது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு பெண்ணுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பயோடேட்டா போட்டிருந்தார். பத்து நிமிடம் வாட்ஸ்அப்பில் பேச்சு, அதுதான் இன்டர்வியூ. மறுநாள் காலை பி.டி.எஃப். வந்துவிட்டது. மேலே ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் லோகோ. ‘டேட்டா ப்ராசஸிங் எக்ஸிகியூட்டிவ்’ பதவி, சென்னையில் வேலை. மாதச் சம்பளம் 20,500 ரூபாய், ஆண்டுக்கு ‘3.6 லட்சம் சி.டி.சி.’. லேப்டாப்புக்கும் பயிற்சிக்குமாக 7,850 ரூபாய் திரும்பத் தரக்கூடிய டெபாசிட். கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, வட்ட முத்திரை, பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

முதலில் லெட்டர்ஹெட்டுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இந்தியாவில் பதிவான கம்பெனி தன் வணிகக் கடிதங்களில் எதையெல்லாம் அச்சிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். எனப்படும் நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், வெப்சைட். லோகோவைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. பார்க்கிறவர்களின் கண் போவதோ லோகோவுக்கு. கம்பெனி என்று சொல்லிக்கொண்டு வரும் கடிதத்தில் சி.ஐ.என். இல்லையென்றால் அங்கேயே ஒரு முறை நின்று யோசிக்கலாம். தனிநபர் கடைக்கும் கூட்டாண்மை நிறுவனத்துக்கும் இந்த எண் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஊரில் உள்ள ஆடிட்டர் ஆபீஸ் கொடுக்கும் கடிதத்தில் அது இல்லாததில் தப்பில்லை.

இந்த எண்ணில் 21 எழுத்துகள். பார்க்கப் புரியாத குறியீடு போலத் தெரிந்தாலும் அது ஒரு சிறு ஜாதகம். எல்லோரும் அறிந்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் எண் `L22210MH1995PLC084781`. முதல் எழுத்து `L` என்றால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. `U` என்றால் பட்டியலாகாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலின் வகை. `MH` என்பது மகாராஷ்டிரம். தமிழ்நாட்டில் பதிவானால் `TN`. 1995, கம்பெனி பதிவான ஆண்டு. `PLC` என்றால் பப்ளிக் லிமிடெட், `PTC` என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறும் பதிவு எண்.

இதை வைத்து என்ன செய்யலாம்? கடிதத்தின் மேலே ‘1998 முதல் உங்கள் சேவையில்’ என்று போட்டிருக்கும். எண்ணுக்குள் 2024 என்று இருக்கும். பெயரில் ‘லிமிடெட்’ மட்டும் இருக்கும். எண்ணில் `PTC` இருக்கும். எண்ணை உள்ளபடி படிக்கத் தெரிந்தாலே, கணினியைத் திறப்பதற்கு முன்பு இந்த மாதிரி முரண்கள் கண்ணில் பட்டுவிடும்.

பிறகு `mca.gov.in` என்ற மத்திய அரசுத் தளத்தில் `Master Data` என்ற பகுதிக்குப் போய் அந்த எண்ணைப் போட வேண்டும். கணக்குத் தொடங்கச் சொன்னாலும் இதற்குக் கட்டணம் கிடையாது. கம்பெனியின் சரியான பெயர், பதிவான தேதி, பதிவு அலுவலக முகவரி, செலுத்தப்பட்ட மூலதனம் எல்லாம் வரும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்ற நிலையும் தெரியும். ‘பத்து நகரங்களில் 2,000 ஊழியர்கள்’ என்று கடிதம் சொல்ல, பதிவேட்டில் மூலதனம் 1 லட்சம், வயது ஐந்து மாதம் என்றிருந்தால் மேற்கொண்டு துப்பறிய வேண்டியதில்லை.

ஊழியர் எண்ணிக்கையைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் `Establishment Search` என்று ஒரு பகுதி உண்டு. நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், மாதாமாதம் எத்தனை ஊழியர்களுக்குப் பி.எஃப். கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்ற வரிசை வரும். புதுசாகத் தொடங்கி ஆளே இல்லாமல் ஆள் எடுக்கிற கம்பெனிகளை இந்தப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். இருபது பேருக்குக் குறைவான சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் இதில் இருக்காது; அதை வைத்து அவற்றைச் சந்தேகப்படக் கூடாது.

இதெல்லாம் ஒத்துப்போனால்? நம் மாதிரிக் கடிதத்தில் எல்லாமே ஒத்துப்போகும். ஏனென்றால் அதை உருவாக்கியவர் நிஜக் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து சி.ஐ.என்., முகவரி, லோகோ எல்லாவற்றையும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். லெட்டர்ஹெட் சோதனை போலிக் கம்பெனியைப் பிடிக்கும். நிஜக் கம்பெனியின் பெயரில் எழுதப்பட்ட போலிக் கடிதத்தைப் பிடிக்காது. இந்த எல்லை புரியாமல், “எம்.சி.ஏ. சைட்லயே இருக்கு, ஒரிஜினல்தான்” என்று சொல்லிப் பணம் கட்டியவர்கள் உண்டு.

அந்தப் பச்சை டிக்கையும் பார்த்துவிடுவோம். டிஜிட்டல் கையொப்பம் இட்ட பி.டி.எஃப்.பை அடோபி ரீடரில் திறந்தால் கையெழுத்துப் பகுதியைச் சொடுக்கலாம். சொடுக்கினால் ஒரு பெட்டி திறந்து, கையொப்பமிட்டவர் யார், சான்றளித்த அமைப்பு எது, அதற்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டதா என்று சொல்லும். போலிக் கடிதத்தில் உள்ள டிக் வெறும் படம். சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. செல்போனில் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான். அதற்காக டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கடிதமெல்லாம் போலி என்றும் ஆகாது. கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டி அனுப்பும் நல்ல கம்பெனிகள் எத்தனையோ.

கடிதத்தைவிட அது வந்த வழியே அதிகம் சொல்லும். மின்னஞ்சலில் நாம் முதலில் பார்ப்பது அனுப்பியவரின் பெயர். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். செல்போனில் ஜிமெயிலைத் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும். அதில் @ குறிக்கு வலப்பக்கம் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

ஒரு கம்பெனியின் உண்மையான தளம் `example.com` என்று வைத்துக்கொள்வோம். `hr@example.com` அவர்களுடையது. `hr@example-careers.com` அவர்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோடு போட்டு எந்தச் சொல்லையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். `hr@example.com-offer.in` இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இடமிருந்து படித்தால் கம்பெனியின் பெயர் முழுசாக இருக்கிறது. வலமிருந்து படித்தால் அந்த முகவரியின் சொந்தக்காரர் `com-offer.in` என்ற வேறொரு ஆள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் `r`, `n` இரண்டையும் ஒட்டி வைத்து `m` போலக் காட்டுவதும் பழைய தந்திரம்தான். செல்போன் திரையில் அது தெரியவே தெரியாது.

சந்தேகமான பெயரை `lookup.icann.org` தளத்தில் போட்டால் அது எப்போது பதிவானது என்று வரும். கால் நூற்றாண்டுக் கம்பெனியின் ‘வேலைவாய்ப்பு முகவரி’ மூன்று வாரத்துக்கு முன்பு பிறந்திருந்தால் கதை முடிந்தது. கணினியில் ஜிமெயிலைத் திறப்பவர்கள் `Show original` என்பதைச் சொடுக்கினால் `SPF`, `DKIM`, `DMARC` என்ற மூன்று வரிகளில் `PASS` அல்லது `FAIL` என்றிருக்கும். `FAIL` என்றால் கவலைப்பட வேண்டும். `PASS` என்றால் கவலை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. இந்த அஞ்சல் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. திருடன் தன் சொந்த வீட்டு முகவரியிலிருந்து எழுதினாலும் `PASS` வரும்.

இங்கே இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு என்பதால் கொஞ்சம் நிதானம் தேவை. ஜிமெயிலிலிருந்து வந்தாலே போலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். திருப்பூரிலும் சிவகாசியிலும் நூறு பேருக்கு வேலை கொடுக்கிற நிறுவனங்கள் ஜிமெயில் முகவரியையே வைத்திருப்பதைப் பார்க்கலாம். பெரிய ஐ.டி. கம்பெனியின் ஆஃபர் ஜிமெயிலிலிருந்து வந்தால் மட்டும் அதில் பேச்சுக்கே இடமில்லை. மறுபக்கம், நிஜமான பெரிய கம்பெனிகள் ஆள்சேர்ப்பு வேலையை ஒர்க்டே, டார்வின்பாக்ஸ் போன்ற மென்பொருள்களில் செய்கின்றன. ஆஃபர் அந்த மென்பொருளின் முகவரியிலிருந்து வரக்கூடும். முகவரி மாறியிருக்கிறதே என்று நல்ல வேலையை உதறிவிடக் கூடாது. அப்படிப்பட்ட கம்பெனிகளில் விண்ணப்பதாரருக்கு ஒரு போர்ட்டல் கணக்கு இருக்கும். மெயிலில் வந்த லிங்கைத் தொடாமல், கம்பெனியின் வெப்சைட் முகவரியைக் கையால் தட்டி உள்ளே போய், தன் கணக்கில் அந்த ஆஃபர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நம் அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. அவர் அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பித்ததே இல்லை.

இனி கடிதத்தின் இரண்டாம் பக்கம். வேலையில் சேரும் நிபந்தனைகள் இருக்கிற பக்கம் இதுதான். சிறு எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. லோகோவைத் திருடுவது சுலபம். சம்பளப் பட்டியலைச் சரியாகப் போட, வேலை தெரிந்த ஆள் வேண்டும். அதனால் போலி பெரும்பாலும் பல்லிளிப்பது இங்கேதான்.

20,500 ரூபாயை 12-ஆல் பெருக்கினால் 2,46,000. கடிதம் சொல்வது 3,60,000. மீதி 1,14,000 எங்கே? சி.டி.சி. என்பது கம்பெனிக்கு ஓர் ஊழியரால் ஆகும் மொத்தச் செலவு. கையில் வாங்கும் சம்பளத்தோடு கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேலையைப் பொறுத்துத் தரும் ஊக்கத்தொகை எல்லாம் அதில் சேரும். ஆகவே இரண்டு தொகைக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு. ஆனால் நிஜக் கடிதத்தில் அந்த வித்தியாசம் வரிவரியாகப் பிரித்துக் காட்டப்பட்டு, கூட்டினால் ரூபாய் சுத்தமாகக் கணக்கில் வந்து நிற்கும். மாதிரிக் கடிதத்தில் பிரிப்பும் இல்லை, கூட்டலும் இல்லை.

அதே பட்டியலில் ‘ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 1.75 சதவீதம்’ என்று ஒரு வரி. ஊழியரின் ஈ.எஸ்.ஐ. பங்கு 1.75 சதவீதமாக இருந்தது பழைய கதை. 2019 ஜூலை 1 முதல் அது 0.75 சதவீதம். 20,500 ரூபாய்ச் சம்பளத்துக்கு 154 ரூபாய் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் 359 ரூபாய் என்று போட்டிருக்கிறது. சம்பளப் பிரிவில் மாதாமாதம் இதையே போடுகிற ஒருவர் இந்தப் பிழையைச் செய்ய மாட்டார். யாரோ எப்போதோ உருவாக்கிய கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

பிறகு அந்த 7,850 ரூபாய். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் வேலைக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று தங்கள் தளங்களிலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. அது தெரிந்தவர்களும் ஏன் கட்டுகிறார்கள்? காரணம், யாரும் ‘வேலைக்குப் பணம்’ என்று கேட்பதில்லை. லேப்டாப் டெபாசிட், ஆவணச் சரிபார்ப்பு, பயிற்சி உபகரணம், இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான பெயர் உண்டு. ‘முதல் மாதச் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும்’ என்ற வாக்கியம் கூடவே வரும். கொடுப்பதாக மனம் நினைப்பதில்லை. போட்டு வைப்பதாக நினைக்கிறது. முதல் தொகையைச் சின்னதாக வைப்பதும் யோசித்துச் செய்வதுதான். 7,850 கட்டியவர், அது போய்விடக் கூடாதே என்பதற்காக அடுத்து 12,000 கட்டுவார்.

நிஜக் கம்பெனியிலும் சில செலவுகள் நம் தலையில் விழும். சேரும் இடத்துக்கு ரயில் டிக்கெட், மருத்துவச் சான்றிதழ், ஒப்பந்தம் கேட்டால் முத்திரைத்தாள். ஆனால் டிக்கெட்டை நாம் எடுப்போம், சான்றிதழ் நம் டாக்டரிடம் வாங்குவோம், முத்திரைத்தாளை நம் ஊர் ஸ்டாம்ப் வெண்டரிடம் வாங்குவோம். அந்தப் பணம் எதுவும் ஹெச்.ஆர். என்று சொல்லிக்கொள்பவரின் யு.பி.ஐ.க்குப் போகாது. பாண்ட் என்று மக்கள் சொல்லும் பணி ஒப்பந்தமும் இப்படித்தான். இத்தனை ஆண்டு வேலை செய்வேன், நடுவில் போனால் இவ்வளவு தருவேன் என்று எழுதி வாங்குவது மோசடியல்ல. விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டு, 2 லட்சம் ரூபாய் என்ற ஒப்பந்தத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அங்கே பணம் கொடுப்பது பாதியில் வேலையை விட்டுப் போகும்போது. சேருவதற்கு முன்பே அந்தப் பணத்தைக் கேட்டால் அது வேறு வியாபாரம்.

கட்டச் சொன்ன யு.பி.ஐ. முகவரியைச் செயலியில் போட்டதும், பணம் அனுப்புவதற்கு முன்பே கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வரும். லெட்டர்ஹெட்டில் பன்னாட்டு நிறுவனம். திரையில் முன்பின் தெரியாத ஒரு தனிநபர். “அவர் எங்க ஃபைனான்ஸ் மேனேஜர்” என்று பதில் தயாராக இருக்கும். கம்பெனிப் பணத்தைத் தன் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வாங்குகிற ஃபைனான்ஸ் மேனேஜருக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை நிலைக்காது.

கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் யோசிப்பதுதான் பெரிய நஷ்டம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். பணம் முதல் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால், கிடைக்கிற கணக்கில் அதை நிறுத்தி வைக்க வங்கிகளால் முடியும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, மெயில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் கேட்பார்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடக் கூடாது. பணமே கட்டாமல் ஆதார், பான் நகல் மட்டும் அனுப்பியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. `sancharsaathi.gov.in` தளத்தில் தன் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தான் வாங்காத சிம் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

வெளிநாட்டு வேலை என்றால் நிபந்தனைப் பக்கத்தை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். அங்கே போவது பணம் மட்டுமல்ல. ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்ற பதவிக்குத் தாய்லாந்தில் ஆள் எடுப்பதாகச் சொல்லி, இந்திய இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திப் போய் இணைய மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கே மாட்டி மீட்கப்பட்டார்கள். இந்த மாதிரி ஆஃபர்களில் கவனிக்க வேண்டிய வரி விசா பற்றியது. ‘டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம்’ என்று எழுதியிருந்தாலோ சொன்னாலோ, அங்கே இறங்கியதும் வேலை செய்யச் சட்டப்படி உரிமை இல்லாதவராகத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு இந்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்று `emigrate.gov.in` தளத்தில் பார்க்கலாம். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்ச வரம்பே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும்.

இத்தனை சோதனைகளுக்குப் பிறகும் கேள்வி மிச்சமிருந்தால் அதைத் தீர்க்கிற ஒரே வழி, கம்பெனியையே கேட்பது. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கே போன் செய்து, “இந்த லெட்டர் உண்மைதானா சார்?” என்று கேட்கிறார்கள். எழுதியவரே எடுத்து, “ஆமா, உண்மைதான்” என்கிறார். இணையத்தில் தேடினால் முதலில் வருகிற எண்ணும், மேப்பில் கம்பெனியின் பெயருக்குக் கீழே இருக்கிற எண்ணும்கூட நம்பத்தக்கவை அல்ல. விளம்பரமாகவும் திருத்தமாகவும் அங்கே போலி எண்களை நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் தளத்தை முகவரி தட்டித் திறந்து எடுத்த எண், பட்டியலான கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கையில் அச்சான எண், எம்.சி.ஏ. பதிவேட்டில் உள்ள மின்னஞ்சல் ஆகியவைதான் கடிதத்தோடு சம்பந்தமில்லாமல் கம்பெனிக்குப் போகும் பாதைகள்.

என்ன கேட்பது என்பதும் முக்கியம். “உங்க கம்பெனியில வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் “எடுக்கிறோம், வெப்சைட்ல பாருங்க” என்று பதில் வரும். அதைக் கடிதத்துக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தின் எண், தேதி, பதவி, கையெழுத்துப் போட்டவரின் பெயர் நான்கையும் வாசித்து, இந்த எண்ணில் ஓர் ஆஃபர் உங்களிடமிருந்து போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் போர்டு நம்பரில் இதற்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்காமலும் போகலாம். அப்போது, போலி ஆஃபர்களைத் தெரிவிக்க அவர்களின் தளத்தில் தனி மின்னஞ்சல் இருந்தால் அதற்குக் கடிதத்தை அனுப்பலாம். படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் காட்டுவதும் பலன் தரும். அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மாதிரிக் கடிதத்துக்கு அந்தப் போன் இப்படித்தான் போகும். பெண்ணின் சித்தப்பா பேசுகிறார். கம்பெனி தளத்தில் எடுத்த எண். இரண்டு முறை இசை கேட்டு, ஒரு முறை துண்டிக்கப்பட்டு, மூன்றாவது முறை ஒருவர் எடுக்கிறார்.

“வணக்கம்மா. எங்க அண்ணன் பொண்ணுக்கு உங்க பேர்ல ஒரு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. ரெஃபரன்ஸ் நம்பர் வாசிக்கிறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?”

“சொல்லுங்க சார்.”

வாசிக்கிறார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“சார், எங்க நம்பர் இந்த ஃபார்மட்லயே வராது. சைன் பண்ணினதா நீங்க சொல்ற பேர்லயும் ஹெச்.ஆர்.ல யாரும் இல்லை. டெபாசிட் ஏதும் கேட்டாங்களா?”

“ஏழாயிரத்து எண்ணூத்தம்பது.”

“கட்டிடாதீங்க சார். அந்த மெயிலை அப்படியே எங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, ஐடி சொல்றேன், எழுதிக்குங்க.”

அன்று மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். ஐந்தும் ஆகிறது, ஐந்தரையும் ஆகிறது. ஐந்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் அதே குரல் கூப்பிடுகிறது. மேடம், உங்களுக்காக மேலிடத்தில் பேசியிருக்கிறேன், இப்போதைக்கு 3,900 மட்டும் போடுங்கள், மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்கிறது.